ஒரே கடிதம், 38 முகவரிகள்: To, Cc, Bcc வரிகளில் யாரைப் போடுவது?

"அக்கா, திருகோணமலையில் பெற்றோரில் ஒருவரை இழந்த உயர்தர மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் சிறிய அமைப்பு ஒன்றில் வேலை செய்கிறேன். தெரிவான 38 பேருக்கும் To வரியில் முகவரி போட்டு, வங்கிக் கணக்கு விவரம் கேட்டு ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். தலைவரும் வெளிநாட்டு நன்கொடையாளரும் Cc வரியில். ஒரு மாணவி Reply all கொடுத்து, வங்கிப் புத்தகத்தின் படத்தையும் வீட்டு நிலைமையையும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். தலைவர் அதே இடத்தில் எல்லோரும் பார்க்க என்னைக் கண்டித்தார். இனி எல்லோரையும் முகவரி மறையும் Bcc வரியில் போட்டால் போதுமா? யாரை எங்கே போடுவது?"

தம்பி, முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தச் சங்கிலியில் இனி ஓர் எழுத்தும் எழுதாதீர்கள். மன்னிப்பும் வேண்டாம். "தயவுசெய்து எல்லோரும் இதை அழித்துவிடுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு Reply all கொடுத்தால், முதல் கடிதத்தைத் திறக்காமலே விட்டிருந்த பிள்ளைகளும் "எதை அழிக்கச் சொல்கிறார்?" என்று கீழே உருட்டிப் பார்ப்பார்கள். ஜிமெயிலில் அனுப்பியதைத் தடுப்பதற்குக் கிடைக்கும் நேரம் அதிகபட்சம் 30 விநாடி. அவுட்லுக்கில் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் கணக்குகளுக்கு மட்டுந்தான் வேலை செய்யும். போனது போனதுதான்.

அந்த மாணவியின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். என்ன நடந்தது, எத்தனை பேருக்குப் போனது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கணக்கு இலக்கம் தெரிந்ததால் மட்டும் யாரும் காசு எடுத்துவிட முடியாது. ஆனால் பெயர், கிளை, கணக்கு இலக்கம், உதவித்தொகை வரப்போகிறது என்ற செய்தி ஆகிய நான்கும் ஒருவர் கையில் சேர்ந்தால், "உங்கள் உதவித்தொகை தடைப்பட்டுள்ளது, கைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று வங்கியின் பெயரால் ஓர் அழைப்பு வருவதற்கு அது தாராளமாகப் போதும். அப்படி யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதைத் தாயாரிடமும் மாணவியிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கிளைக்கும் அறிவித்துவைப்பது நல்லது. பிறகு மற்ற 37 பேருக்கும் தனித்தனியே இரண்டு வரி எழுதுங்கள். பழைய கடிதத்தை மேற்கோளாகக் கீழே கொண்டுபோகாமல், புதிதாகத் தொடங்கி எழுத வேண்டும். நன்கொடையாளருக்கு வேறாக எழுதுங்கள்.

அந்தப் பிள்ளை எந்தப் பிழையும் செய்யவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் அனுப்பினாள். கைபேசியில் கடிதத்தின் அடியில் Reply, Reply all இரண்டும் விரல் அகல இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. Reply கொடுத்தால் உங்களுக்கு மட்டும் போயிருக்கும். Reply all கொடுத்தபோது, அனுப்பியவரான நீங்கள், To வரியில் இருந்த மற்ற 37 மாணவர்கள், Cc வரியில் இருந்த இருவர் என்று 40 பெட்டிகளுக்குப் போனது. அந்த 40 பேரை அவள் தெரிவுசெய்யவில்லை. பட்டியலை நீங்கள் கட்டிக் கையில் கொடுத்தீர்கள், அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். ஆகவே முகவரி போடும்போது "இந்தக் கடிதத்தை யார் யார் பார்க்க வேண்டும்?" என்று கேட்டுக்கொள்வது பாதிக் கேள்விதான். "இதற்கு ஒருவர் எழுதும் பதில், இந்த வரிகளில் உள்ள எல்லோர் கைக்கும் போனால் என்ன ஆகும்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வங்கி விவரம் கேட்கும் கடிதத்துக்கு என்ன பதில் வரும் என்று அனுப்பும் முன்னரே தெரியும் அல்லவா?

அந்த மாணவி எதையும் அனுப்பாமல் இருந்திருந்தாலும் பாதிப்பு நடந்தே இருந்தது. உங்கள் உதவித்தொகை யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதே, இந்த வீட்டில் தகப்பனோ தாயோ இல்லை, இந்த வீட்டில் கஷ்டம் என்று சொல்லிவிடுகிறது. மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் வரும் பிள்ளைகள் நகரத்தில் ஒரே தனியார் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். வகுப்பில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு முகவரி வரி சொல்லிவிட்டது.

லண்டனில் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற சிகிச்சை நிலையத்தில் நடந்தது இதே கதைதான். 2015 செப்டெம்பரில் எச்.ஐ.வி. சேவைகளைப் பெற்றுவந்தவர்களுக்கான செய்திமடலை 781 பேருக்கு அனுப்பும்போது, Bcc வரியில் போட வேண்டிய முகவரிகள் To வரியில் போய்விட்டன. அவற்றில் 730 முகவரிகளில் ஆட்களின் முழுப்பெயரே இருந்தது. மடலின் உள்ளே எவருடைய நோயைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அதைப் பெற்றவர் யார் என்பதே போதுமாக இருந்தது. பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் 180,000 பவுண் அபராதம் விதித்தது. அதே இடத்தில் 2010 இலும் சிறிய அளவில் இதே பிழை நடந்திருந்தது. கவனமாக இருக்க வேண்டும் என்று அப்போதும் எல்லோரும் நினைத்திருப்பார்கள். உங்கள் அலுவலகத்திலும் "அடுத்த முறை கவனமாக இருப்போம்" என்று விட்டுவிடாமல் அனுப்பும் முறையையே மாற்றுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்: Bcc போதுமா? அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே போதாது என்பதும் தெரிந்துவிடும். தபாலில் போடும் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் ஒரு முகவரி, உள்ளே தாளின் தலைப்பில் ஒரு முகவரி. தபால்காரர் உறையைத்தான் பார்க்கிறார், வாசிப்பவர் தாளைத்தான் பார்க்கிறார். மின்னஞ்சலிலும் அப்படியே. To, Cc, Bcc மூன்றில் உள்ள எல்லா முகவரிகளும் உறையில் எழுதப்படுகின்றன. தாளில் To, Cc இரண்டும் நிற்கும். Bcc வரி நீக்கப்பட்டுவிடும். 38 பேரையும் Bcc வரியிலும் உங்கள் அலுவலக முகவரியையே To வரியிலும் போட்டிருந்தால், ஒவ்வொரு மாணவரும் பார்த்திருப்பது இவ்வளவுதான்:

```
From: udavi@example.org
To: udavi@example.org
Subject: உதவித்தொகை: வங்கிக் கணக்கு விவரம்
```

இதற்கு அந்த மாணவி Reply all கொடுத்திருந்தாலும் பதில் உங்கள் அலுவலகத்துக்கு மட்டுமே வந்திருக்கும். மற்ற 37 முகவரிகள் அவளுக்கு வந்த தாளிலேயே இல்லை. இல்லாத முகவரிக்கு எந்தப் பொத்தானாலும் அனுப்ப முடியாது.

ஆனால் பலர் தவறவிடும் ஓர் இடம் உண்டு. மாணவர்களை Bcc வரிக்கு மாற்றிவிட்டு, தலைவரையும் நன்கொடையாளரையும் பழையபடி Cc வரியில் விட்டிருந்தால்? அந்த இருவரும் 38 பிள்ளைகளுக்கும் தெரிவார்கள். பிள்ளை Reply all கொடுத்தால் வங்கிப் புத்தகம் நன்கொடையாளரின் பெட்டிக்கு நேரே போகும். Bcc காப்பாற்றுவது அதில் இருப்பவர்களை மட்டுந்தான். ஆகவே ஒரு கூட்டத்தை Bcc வரியில் போடும்போது To, Cc இரண்டிலும் உங்கள் அலுவலக முகவரியைத் தவிர வேறெவரும் இருக்கக்கூடாது. இணைப்பாகப் பெயர்ப்பட்டியல் உள்ள எக்செல் கோப்பு ஒன்று போனால் Bcc போட்டதற்குப் பொருளே இல்லை. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

Bcc யின் பெரிய குறை வேறு. அது மனிதர் ஒருவர் ஒவ்வொரு முறையும் சரியான கட்டத்தில் ஒட்ட வேண்டியது. 38 முகவரிகளை நகலெடுத்து, மாலை நாலரைக்கு அவசரத்தில், ஒரு வரி மேலே ஒட்டினால் எல்லாம் முடிந்தது. கூட்ட அறிவித்தல், விடுமுறை அறிவித்தல் போன்றவற்றுக்கு Bcc போதும். பட்டியலில் இருப்பதே ஒரு ரகசியத்தைச் சொல்லும் என்றால் ஒருவருக்கு ஒரு கடிதம் என்ற முறைக்குப் போங்கள். வேர்டில் மெயில் மேர்ஜ் செய்து அவுட்லுக் வழியாக அனுப்பினால், எக்செலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பெயரிட்ட தனிக் கடிதம் தானாகப் போகும். பொறுக்கி ஒட்டும் கை இடையில் இல்லை. அது வராவிட்டால், 38 என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. கடிதத்தை வரைவாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அனுப்புங்கள். முக்கால் மணி நேரம் பிடிக்கும். நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மூன்று வேலைகளை ஒரே கடிதத்தில் செய்யப் பார்த்திருக்கிறீர்கள்: மாணவரிடம் விவரம் கேட்பது, தலைவருக்கு வேலை நடக்கிறது என்று காட்டுவது, நன்கொடையாளருக்குத் தெரிவு முடிந்தது என்று அறிவிப்பது. மூன்றும் மூன்று கடிதங்கள். மாணவர்களுக்குத் தனித்தனியே போக வேண்டியது முதலாவது. தலைவருக்கு "38 பேருக்கும் இன்று அறிவித்தாயிற்று, 15 ஆம் திகதிக்குள் விவரம் கேட்டிருக்கிறேன்" என்று இரண்டு வரி. நன்கொடையாளருக்கு எண்ணிக்கையும் திகதியும் மட்டும். பெயர்கள் அவருக்குத் தேவையே இல்லை.

To, Cc வித்தியாசத்தை நம் அலுவலகங்கள் தாளில் எப்போதோ தீர்த்துவிட்டன. கச்சேரியிலிருந்தோ பிரதேச செயலகத்திலிருந்தோ வரும் கடிதத்தின் அடியைப் பாருங்கள். "பிரதி" என்று போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "தகவலுக்காக" அல்லது "தேவையான நடவடிக்கைக்காக" என்று எழுதியிருப்பார்கள். மின்னஞ்சலில் அந்தக் குறிப்பு இல்லை, வரிதான் அதைச் சொல்ல வேண்டும். நடவடிக்கை எடுக்க வேண்டியவர் To வரியில். தகவலுக்காக மட்டும் வைத்திருப்பவர் Cc வரியில். Cc வரியில் இருப்பவரிடம் பதிலையும் வேலையையும் எதிர்பார்க்கக்கூடாது. அவர் செய்ய வேண்டிய ஒன்று இருந்தால் அவரை மேலே ஏற்றி, கடிதத்திலும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

உதாரணமாக, அதிபர்களிடமிருந்து மாணவர் உறுதிப்படுத்தல் கடிதம் எடுக்க வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மூன்று உத்தியோகத்தர்களை உங்களுக்குத் தெரியும் என்பதற்காக மூவரையும் To வரியில் போட்டால், மற்ற இருவரில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். பொறுப்பானவர் யார் என்று ஓர் அழைப்பெடுத்துக் கேட்டுவிட்டு அவரை மட்டும் To வரியில் போடுங்கள். உங்கள் தலைவர் Cc வரியில். அந்த உத்தியோகத்தரின் மேலதிகாரியைப் போடலாமா? முதல் கடிதத்திலேயே போடாதீர்கள். "இவர் செய்யமாட்டார், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முறையிடுவதாகவே அது வாசிக்கப்படும். இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகும் பதில் இல்லை என்றால் போடலாம். அப்போதும் "பணிப்பாளருக்கும் பிரதி அனுப்பியுள்ளேன்" என்று கடிதத்துக்குள் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். Cc வரியில் பலர் இருந்தால் பதவி வரிசையில் போடுங்கள். நம் ஊரில் அதைக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சங்கடப்படுத்துவதால் உங்கள் வேலைக்கு ஒரு பயனும் இல்லை.

திருகோணமலையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். Cc வரியில் சிங்களம் மட்டும் வாசிக்கும் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க, கீழே பத்துத் தமிழ்க் கடிதங்கள் ஓடினால் அவர் பெயரளவுக்கு மட்டுமே பிரதி பெற்றவர். பிறகு "உங்களுக்கும் அனுப்பினோமே" என்று சொல்வது நியாயமல்ல. அவருக்குத் தெரிய வேண்டியதை அவர் வாசிக்கும் மொழியில் வேறாக நான்கு வரியில் எழுதுங்கள்.

Bcc வரியை இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்துவார்கள்: ஒருவருக்கு எழுதும்போது இன்னொருவரை அவருக்குத் தெரியாமல் பார்க்கவைப்பது. இதில் நான் சூடு கண்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஓர் அலுவலகத்தில், கட்டட வேலை செய்த ஒப்பந்தகாரருக்குக் கொடுப்பனவு பற்றி எழுதும்போது என் மேலதிகாரியை Bcc வரியில் போட்டேன். அவர் கந்தளாயிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். கைபேசியில் கடிதத்தைப் பார்த்தார். தாம் மறைவில் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பார்த்தது மற்றவர்கள் பார்த்த அதே தாள்தானே. Reply all கொடுத்து, "இந்த ஆளுக்கு இப்போது காசு விடவேண்டாம், முதலில் கூரையைத் திருத்தட்டும்" என்று எனக்கு எழுதினார். எனக்கும் வந்தது, ஒப்பந்தகாரருக்கும் போனது. கூரை ஒழுகியது உண்மை. ஆனால் நான் மூன்று பந்தியில் பக்குவமாக எழுதியிருந்த கடிதம் அந்த நிமிடமே பொய்யாகிவிட்டது. மேலதிகாரி ஒளிந்திருந்து பார்த்தார் என்பதையும் அந்த மனிதர் அறிந்துகொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்தையும் எங்களிடம் பதிவுத் தபாலில்தான் கேட்டார்.

அன்றிலிருந்து மேலதிகாரி பார்க்க வேண்டிய கடிதத்தை, அனுப்பி முடித்த பின் Sent கோப்புறையிலிருந்து எடுத்து அவருக்கு Forward செய்கிறேன். மேலே ஒரு வரி: "தங்கள் தகவலுக்காக, மற்றவருக்கு இது தெரியாது." அவர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பதில் எனக்கு மட்டுமே வரும்.

Bcc வரிக்கு ஒரு நல்ல வேலையும் உண்டு. அதிபர் ஒருவர் உங்களையும் வகுப்பாசிரியரையும் அறிமுகப்படுத்தி எழுதுகிறார். உங்கள் பதிலில் அவரை To வரியிலிருந்து Bcc வரிக்கு மாற்றி, "நன்றி சேர், இனி நாங்கள் இருவரும் தொடர்கிறோம், உங்களை Bcc வரிக்கு மாற்றியுள்ளேன்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்தக் கடிதம் அவருக்குப் போகும். அதன் பிறகு ஆசிரியர் Reply all கொடுத்தாலும் அவர் பெட்டி நிறையாது.

உங்கள் தலைவர் செய்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டித்தது அவர் உரிமை. அதை 38 பிள்ளைகளும் பார்க்கும்படி செய்தது பிழை, அதுவும் இரண்டு வகையில். உங்களை நம்பி விவரம் தர வேண்டிய பிள்ளைகள் முன்னால் உங்களைச் சிறுமைப்படுத்திவிட்டார். கூடவே, மாணவியின் கடிதத்தை இன்னொரு முறை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். Reply all கொடுத்தால் பழைய கடிதம் கீழே மேற்கோளாகச் சேர்ந்து போகும். வங்கிப் புத்தகம் இணைப்பாக இருந்திருந்தால் பொதுவாகப் பதிலோடு போகாது. கடிதத்துக்குள்ளேயே ஒட்டிய படமாக இருந்திருந்தால் மறுபடியும் போயிருக்கும். உங்கள் பெட்டியில் தலைவரின் கடிதத்தைத் திறந்து கடைசிவரை உருட்டிப் பாருங்கள். படம் தெரிகிறதா? தெரிந்தால் அந்தத் தாயாரிடம் பேசும்போது அதையும் சொல்ல வேண்டும். தலைவரிடம் இதை எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நேரில் போய், உங்கள் பிழையை முதலில் சொல்லி, பிறகு அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு Reply all பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் தெரிவுக்குழுவில் ஐந்து பேர், நேர்முகத் தேர்வை எந்தச் சனிக்கிழமை வைப்பது என்று கேட்கிறீர்கள். ஒருவர் "இரண்டாம் சனி எனக்கு முடியாது" என்று உங்களுக்கு மட்டும் பதில் எழுதினால், மற்ற மூவரும் அதே நாளை உறுதிசெய்துகொண்டிருப்பார்கள். அங்கே Reply all தான் சரி. என் பதிலால் இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் செய்யும் ஏதாவது ஒன்று மாறுமா என்று பார்ப்பேன். மாறும் என்றால் எல்லோருக்கும். "நன்றி", "கிடைத்தது", "வாழ்த்துகள்" எவருடைய வேலையையும் மாற்றாது, அனுப்பியவருக்கு மட்டும் போதும். ஒருவரின் பிழையைச் சுட்டுவதும், உடல்நிலை, காசு, வீட்டு விடயம் சொல்வதும் எந்த நாளும் அவருக்கு மட்டுந்தான்.

கணினியில் இரண்டு மாற்றங்களை இன்றே செய்துவிடுங்கள். ஜிமெயிலின் Settings பகுதியில் General என்பதற்குள் Default reply behavior என்பதை Reply என்று வையுங்கள். அங்கேயே Undo Send நேரத்தை 30 விநாடியாக்குங்கள். எழுதும்போது முகவரியைக் கடைசியில் போடப் பழகுங்கள். முகவரி இல்லாத கடிதத்தைத் தவறுதலாக அனுப்ப முடியாது.

மற்ற 37 பேரின் வங்கி விவரமும் இன்னும் வரவேண்டியிருக்கிறது அல்லவா? அவர்களில் யாராவது ஒருவர் அந்தப் பழைய கடிதத்தைத் திறந்து, மாணவி செய்தது போலவே செய்யக்கூடும். ஆகவே நாளைக்குப் போகும் தனிக் கடிதத்தில், "முந்தைய மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதியை அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்கவும், வரமுடியாதவர்கள் இந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதவும்" என்று முதல் பந்தியிலேயே போடுங்கள். அந்தக் கடிதத்தை முதலில் உங்கள் சொந்த முகவரிக்கு ஒன்று அனுப்பி, கைபேசியில் திறந்து, Reply all அழுத்திப் பாருங்கள். To வரியில் உங்கள் அலுவலக முகவரி ஒன்று மட்டும் நின்றால், மாணவர்களுக்கு அனுப்பத் தொடங்கலாம்.